படகில் வீடியோ எடுக்கும்போது ஸ்டெபிலைசேஷன் செய்யும் குளறுபடி

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகில் எடுத்த வீடியோவைப் பாருங்கள். அடிவானம் ஆடாமல் நிற்கும். எதிரே இருப்பவர்கள் மட்டும் தொட்டிலில் கிடப்பதுபோல ஆடுவார்கள். ஓரத்தில் இருப்பவரின் தோள் ஒரு கணம் நீளும், மறுகணம் சுருங்கும். லென்ஸில் பழுதில்லை. படத்தின் ஆட்டத்தை மென்பொருளால் திருத்தும் இலத்திரனியல் ஸ்டெபிலைசேஷன்தான் காரணம்.

போன் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை ஜைரோ அளக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கமாகப் படத்தை நகர்த்தவும் வளைக்கவும் மென்பொருளுக்கு ஓரத்தில் இடம் வேண்டும். அதற்காகவே படத்தைச் சுற்றிலும் வெட்டிவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் 10% போனதாக வைத்துக்கொள்வோம்: அகலத்தில் 80%, உயரத்தில் 80%, ஆக பரப்பில் 64% தான் மிஞ்சும். 26 மி.மீ. லென்ஸ் 32.5 மி.மீ. போல ஒடுங்கிவிடும். நெருக்கியடித்து இருக்கிற படகில் இது பெரிய இழப்பு.

ஜைரோவுக்குப் படகு ஆடுவதும் கை ஆடுவதும் ஒன்றுதான். அலையில் படகு சரிந்தால் போனும் ஆட்களும் சேர்ந்தே சரிகிறார்கள். அவர்களுக்கிடையே அசைவே இல்லை. ஆனாலும் போன் அதைத் திருத்தப்போய், இல்லாத ஆட்டத்தை ஆட்கள் மீது ஏற்றிவிடுகிறது. அகன்ற லென்ஸில் ஓரங்கள் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். அந்த இழுப்பு அலைக்கு அலை மாறுவதால்தான் தோள் ஜெலிபோல நெளிகிறது. ஆகவே படகுக்குள் இருப்பவர்களை எடுக்கும்போது ஸ்டெபிலைசேஷனை நிறுத்திவிடுங்கள். கடலையோ தீவையோ மட்டும் எடுப்பதானால் ஓடட்டும், அங்கே அது நல்ல வேலைதான் செய்யும்.

இன்னொரு தவறு, ட்ரைபொட்டில் பூட்டிய பிறகும் அதை ஓடவிடுவது. கோணேசர் கோயில் பக்கமிருந்து கடலை மெதுவாகத் திருப்பி எடுத்தால், தொடக்கத்தில் படம் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு தாவும்; கை நின்ற பின்னும் கொஞ்சம் வழுக்கிப் போகும். வேண்டுமென்று திருப்புவதையும் அது நடுக்கமாக எடுத்துக்கொள்கிறது.

மாலை மங்கிய பிறகு வேறொரு குறை வரும். ஷட்டர் 1/30 விநாடிக்கு இறங்கினால் ஒவ்வொரு பிரேமிலும் கை நடுக்கம் மங்கலாகப் பதிந்துவிடும். ஸ்டெபிலைசேஷன் பிரேமை நேராக்கும், மங்கலை நீக்காது. அசையாத படம் விட்டுவிட்டு மங்குவதுபோலத் தெரிந்தால் இதுதான். அங்கே போனை ஒரு சுவரில் ஊன்றிப் பிடிப்பதே மேல்.

சாம்சங்கில் கமரா செட்டிங்ஸில் Video stabilization என்பதை நிறுத்தலாம். Super steady தனி. அது இன்னும் அதிகமாக வெட்டும். ஐபோன் 14 முதல் Settings, Camera, Record Video என்று போனால் Enhanced Stabilization இருக்கும். அதை நிறுத்தினால் கூடுதல் வெட்டுத்தான் போகும், வழக்கமான திருத்தம் தொடரும். நிறுத்தியதும் திரையில் காட்சி சற்று விரிந்தால், அதுவரை வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த ஓரம் அது.