மூன்று ஷிப்ட், ஒரு ரெஸ்ட் கிவர்: சிறிய ரயில் நிலையத்துக்குப் பணிப்பட்டியல் போடும் முறை

ரயில் நிலையத்துக்கு ரோஸ்டர் போடப் புதிதாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்களின் பெயர்களை எழுதிக்கொண்டு தொடங்குகிறார்கள். யாருக்கு ஞாயிறு ஓய்வு, யாருக்குத் திங்கள் என்று பிரித்துவிட்டு, மீதியை, ஓய்வில் போகிறவர்களுக்குப் பதிலாக வேலை பார்க்கும் ரெஸ்ட் கிவரின் தலையில் வைத்துவிடுகிறார்கள். தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். ஆனால் ஒருவர் பதினாறு மணிநேரம் தொடர்ந்து வேலை செய்ய வேண்டியிருப்பது அந்தத் தாளில் தெரியாது. அது தெரியும்படி பட்டியல் போடும் முறையை எதிரெதிராக வரும் ரயில்கள் ஒன்றையொன்று கடந்து செல்லும், இந்திய ரயில்வேயின் ஒரு சிறிய கிராசிங் நிலையத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் பணிக்குச் சொல்வது, அதே மூன்று ஷிப்டில் ஓடும், தண்டவாளப் பிரிவுகளைக் கவனிக்கும் பாயின்ட்ஸ்மேன் பணிக்கும் பொருந்தும்.

முதல் படி: விதியையும் கணக்கையும் எழுதுங்கள்

நமது நிலையத்தின் பணி ‘தொடர் பணி’ என்று வகைப்படுத்தப்பட்டது என்று கொள்வோம். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி, இந்த வகையில் இரண்டு வாரச் சராசரியாக வாரத்துக்கு 54 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஞாயிறன்று தொடங்கும் ஒவ்வொரு வாரத்திலும் தொடர்ச்சியாக 30 மணிநேரத்துக்குக் குறையாத ஓய்வு தர வேண்டும். ரோஸ்டர் போடும்போது வாரத்துக்கு 48 மணிநேரம் என்று வைத்துப் போடுவது வழக்கம். உங்கள் நிலையம் வேறு வகையில் இருந்தால் இந்த எண்கள் மாறும். ஆகவே வகைப்பாட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலி ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்க முடியாது. வாரத்துக்கு 168 மணிநேரம், அதாவது எட்டு மணிநேர ஷிப்ட் 21. மூன்று பேரே எல்லாவற்றையும் பார்த்தால் தலைக்கு 56 மணிநேரம் வரும். அது சட்ட வரம்பைத் தாண்டுகிறது, ஓய்வுக்கும் இடமில்லை. ஆளுக்கு ஆறு ஷிப்ட் கொடுத்தால் 18 நிரம்பும், மூன்று மிஞ்சும். அந்த மூன்றையும் பார்க்க வருபவர்தான் ரெஸ்ட் கிவர். அவருக்கும் ஆறு ஷிப்ட் வேண்டும் என்பதால், மீதி மூன்றைப் பக்கத்து நிலையத்தில் பார்ப்பார். ஆக, இரண்டு நிலையங்களுக்கு ஒரு ரெஸ்ட் கிவர்.

இரண்டாம் படி: ஷிப்ட் மாறும் நேரத்தை ரயில்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பொறுப்பை மாற்றிக்கொடுப்பது கையெழுத்தோடு முடிகிற வேலை அல்ல. பக்கத்து நிலையம் வரையிலான எந்தப் பிளாக் பகுதியில் ரயில் இருக்கிறது, ரயில் வருவதற்கான அனுமதியான லைன் கிளியர் எதற்குக் கொடுத்திருக்கிறது, எந்த இடத்தில் வேகக் கட்டுப்பாடு, எந்தச் சாவி யாரிடம் என்று எல்லாவற்றையும் வருபவர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு ரயில்கள் கிராசிங்குக்கு வந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்தால், லைன் கிளியர் கொடுத்தவர் ஒருவர், ரயிலை வாங்குபவர் இன்னொருவர் என்று ஆகிவிடும். தவறு நுழைவதற்கு அதைவிடச் சௌகரியமான வாசல் வேறு இல்லை.

நமது நிலையத்தில் ரயில்கள் இந்த நேரங்களில் வருவதாக வைத்துக்கொள்வோம்: 00.40, 02.15, 03.50, 05.50, 06.10, 07.05, 08.50, 10.30, 13.50, 14.10, 16.40, 18.20, 19.45, 21.50, 22.05, 23.10. காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று ஷிப்ட் மாற்றினால் மூன்று மாற்றமும் சரியாக ஒரு கிராசிங்கின் நடுவே விழுகிறது. நள்ளிரவு, காலை 8, மாலை 4 என்று வைத்தால் மூன்றுமே அமைதியான இடைவெளியில் விழுகின்றன. நள்ளிரவில் மாற்றுவதற்கு ஊழியர் குடியிருப்பு நிலையத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இருந்தால் இந்த நேரங்களையே தேர்ந்தெடுப்பேன். நள்ளிரவு முதல் காலை 8 வரை இரவு ஷிப்ட், 8 முதல் மாலை 4 வரை காலை ஷிப்ட், 4 முதல் நள்ளிரவு வரை மாலை ஷிப்ட். எந்த ஷிப்டும் தேதியைத் தாண்டுவதில்லை என்பதால் பட்டியல் படிப்பதும் எளிது.

கால அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். சரக்கு ரயில்கள் அதில் இருப்பதில்லை, தினமும் தாமதமாக வரும் ரயில் அதில் சரியான நேரத்தில்தான் இருக்கும். ரயில் சிக்னல் பதிவேட்டில் கடந்த ஒரு மாதத்துக்கான உண்மையான நேரங்களை எடுத்து, ஏழு கிழமைகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். வாரம் ஒருமுறை ஓடும் ரயில் ஒன்று வியாழன் மாலை நான்கு மணிக்கு வந்து நிற்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாம் படி: ஓய்வை மணிக்கணக்கில் அளங்கள்

கட்டத்தில் ‘ஓய்வு’ என்று எழுதிய நாளுக்கு 24 மணிநேரம்தான். கடைசி வேலை முடிந்த நிமிடத்திலிருந்து அடுத்த வேலை தொடங்கும் நிமிடம் வரை எண்ணினால்தான் உண்மையான ஓய்வு கிடைக்கும். சனிக்கிழமை மாலை ஷிப்ட் முடித்தவருக்கு ஞாயிறு ஓய்வு, திங்கள் இரவு ஷிப்ட் என்று போட்டால், அவர் சனி நள்ளிரவு வீட்டுக்குப் போய் ஞாயிறு நள்ளிரவே திரும்பி வர வேண்டும். சரியாக 24 மணிநேரம். விதி கேட்கும் முப்பதுக்கு ஆறு மணிநேரம் குறைவு. அதே ஞாயிறு ஓய்வுக்கு முன்னால் காலை ஷிப்ட் இருந்திருந்தால் 32 மணிநேரம் கிடைத்திருக்கும்.

வேலை நாட்களுக்கு இடையிலும் இதே அளவுதான். இன்று மாலை ஷிப்ட், நாளை காலை ஷிப்ட் என்றால் நடுவே எட்டு மணிநேரம். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழ அது போதாது. இன்று காலை, நாளை இரவு என்றாலும் எட்டுதான். இன்று மாலை, நாளை இரவு என்றால் இடைவெளியே இல்லை: பதினாறு மணிநேர வேலை. ஆகவே அடுத்தடுத்த நாட்களில் இரவிலிருந்து காலைக்கும், காலையிலிருந்து மாலைக்கும் போகலாம். பின்னோக்கி வர வேண்டுமானால் நடுவில் ஓய்வு நாள் வேண்டும்.

நான்காம் படி: ரெஸ்ட் கிவரின் வரியை முதலில் எழுதுங்கள்

இந்த வேலையில் மிகக் கடினமான இடம் இதுதான். நிலையத்தின் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஷிப்ட் நிலையாக இருக்கும். ரெஸ்ட் கிவருக்கோ யார் ஓய்வில் போகிறார்களோ அவருடைய ஷிப்ட். இரண்டு நிலையங்களுக்கும் சேர்த்து இரண்டு இரவு, இரண்டு காலை, இரண்டு மாலை அவருக்கு வரும். மேலே சொன்ன விதிப்படி அவற்றை வரிசைப்படுத்த ஒரே வழிதான்: இரவு, இரவு, காலை, காலை, மாலை, மாலை, பிறகு ஓய்வு. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மாலையில் முடித்து, ஒரு நாள் ஓய்வெடுத்து, மீண்டும் இரவில் தொடங்கும்போது அவருக்குக் கிடைப்பது அதே 24 மணிநேரம். எல்லோருக்கும் ஓய்வு கொடுக்க வந்தவருக்கே சட்டப்படியான ஓய்வு இல்லை.

இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. மாலை ஆளுக்கும் காலை ஆளுக்கும் அடுத்தடுத்த நாட்களில் ஓய்வு கொடுங்கள், மாலை ஆளுக்கு முதலில். மாலை ஆள் ஓய்வில் இருக்கும் நாளில் காலை ஆள் மாலைக்கு நகரட்டும், காலியான காலை ஷிப்டை ரெஸ்ட் கிவர் பார்க்கட்டும். மறுநாள் காலை ஆளுக்கே ஓய்வு என்பதால் அவர் உடனே பின்னோக்கி வர வேண்டியதில்லை. ரெஸ்ட் கிவருக்கு மாலை ஷிப்டே வராது: இரண்டு இரவு, நான்கு காலை.

இரவு ஆளை அ, காலை ஆளை ஆ, மாலை ஆளை இ, ரெஸ்ட் கிவரை ரெ என்று குறித்தால் நமது நிலையத்தின் வாரம் இப்படி வரும்:

| கிழமை | இரவு 0–8 | காலை 8–16 | மாலை 16–24 | ஓய்வு |
|---|---|---|---|---|
| ஞாயிறு | ரெ | ஆ | இ | அ |
| திங்கள் | அ | ஆ | இ | – |
| செவ்வாய் | அ | ரெ | ஆ | இ |
| புதன் | அ | ரெ | இ | ஆ |
| வியாழன் | அ | ஆ | இ | – |
| வெள்ளி | அ | ஆ | இ | – |
| சனி | அ | ஆ | இ | ரெ |

ரெஸ்ட் கிவர் திங்கள் இரவு ஷிப்டையும், வியாழன், வெள்ளி காலை ஷிப்டுகளையும் பக்கத்து நிலையத்தில் பார்க்கிறார். அங்கும் இதே அமைப்பு, கிழமைகள் மட்டும் வேறு.

ஐந்தாம் படி: வரி வரியாகச் சரிபாருங்கள்

அ சனி காலை 8 மணிக்கு முடித்து ஞாயிறு நள்ளிரவில் திரும்புகிறார்: 40 மணிநேரம். இ திங்கள் நள்ளிரவில் முடித்து புதன் மாலை 4 மணிக்கு வருகிறார்: அதுவும் 40. ஆ செவ்வாய் நள்ளிரவில் முடித்து வியாழன் காலை 8 மணிக்கு வருகிறார்: 32. ரெஸ்ட் கிவர் வெள்ளி மாலை 4 மணிக்கு முடித்து சனி நள்ளிரவில், அதாவது ஞாயிறு இரவு ஷிப்டுக்கு வருகிறார்: 32. எல்லோருக்கும் ஆறு ஷிப்ட், 48 மணிநேரம். வேலை நாட்களுக்கு இடையே எவருக்கும் 16 மணிநேரத்துக்குக் குறைவில்லை. ரெஸ்ட் கிவருக்கு மட்டும் அதில் பயண நேரம் கழியும், ஆகவே அவர் போக ரயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அ என்பவரையே எப்போதும் இரவில் வைத்திருப்பது நியாயமில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை மூன்று பேரும் வரிகளை மாற்றிக்கொள்ளட்டும்: இரவு ஆள் காலைக்கு, காலை ஆள் மாலைக்கு, மாலை ஆள் இரவுக்கு. சனி முடிந்து மாற்றினால், இரவுக்குப் போகிறவருக்கு அந்த ஒரு முறை ஞாயிறு ஓய்வு 24 மணிநேரமாகிவிடும். அந்தத் திங்கள் இரவுக்கு, விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாக அனுப்பப்படும் லீவ் ரிசர்வ் ஒருவரை முன்பே கேட்டு வாங்கிவிட்டு மாற்றத்தின் தேதியை அறிவியுங்கள்.

பட்டியல் ஓடத் தொடங்கிய பிறகு

பட்டியல் சரியாக இருக்கிறதா என்பதை வருகைப் பதிவேட்டில், உண்மையில் பொறுப்பை ஒப்படைத்த நேரங்களைப் பார்த்தே சொல்ல முடியும். அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும் வரை ஸ்டேஷன் மாஸ்டர் கிளம்ப முடியாது. ஆகவே ஒருவரின் தாமதம் இன்னொருவரின் ஓய்விலிருந்து கழிகிறது. 40 மணிநேர வரிகளில் இது தாங்கும். 32 மணிநேர வரிகளில் கையிருப்பு இரண்டு மணிநேரம்தான். செவ்வாய் மாலை ஷிப்ட் பார்த்த ஆ புதன்கிழமை அதிகாலை 2 மணிக்கு மேல் விடுபட்டால், வியாழன் காலை 8 மணிக்கு அவரை அழைக்கக் கூடாது. அவருக்கு 30 மணிநேரம் நிறையும் வரை இரவு ஆளை நிறுத்திவைப்பதா, வேறொருவரை வரவழைப்பதா என்பதைப் புதன் காலையிலேயே முடிவு செய்யுங்கள். இப்படி ஒரு மாதத்தில் பலமுறை நடந்தால் நள்ளிரவுக்கு அருகில் வழக்கமாகத் தாமதிக்கும் ரயில் ஏதோ இருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டாம் படிக்குத் திரும்பி, அந்த ஷிப்ட் மாறும் நேரத்தை நகர்த்துங்கள்.