ஹீல்ஸ் வலி: பேடை எங்கே ஒட்டுகிறீர்கள்?

நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் வரவேற்புப் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புதிய அணி வந்த கொஞ்ச நாளிலேயே லாக்கர் அறையில் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஷிஃப்ட் முடிந்ததும் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் நாங்கள் புதிதில் செய்த அதே கூத்துகள், வரிசைகூட மாறாமல் நடக்கும். ஆறு இஞ்ச் ஹீல்ஸ் வேண்டாம், அதோடு படியில் ஓடாதே என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலிக்கிற இடத்திலேயே பேட் ஒட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். விரல்களுக்குக் கீழே, முன்பாதத்தில் வலி. உடனே ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு சிலிக்கான் ஜெல் பேட் வாங்கி, வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டிவிடுகிறார்கள். மெத்தென்று இருப்பதால் முதல் நாள் சுகமாகத்தான் இருக்கும்.

அங்கே என்ன நடக்கிறது? குதிகால் உயர்ந்தால் உடம்பின் எடை முன்னால் சரிகிறது. விரல்களின் அடியில் இருக்கும் எலும்பு முண்டுகள்தான் அதைத் தாங்குகின்றன. வலிப்பதும் அவைதான். அந்த முண்டுக்கு அடியிலேயே தடிமனான ஒன்றை வைத்தால், ஏற்கெனவே அழுந்தும் இடம் இன்னும் மேலே தள்ளப்படுகிறது. போதாக்குறைக்கு, கூர்முனை ஷூவில் இருந்த கொஞ்ச இடத்தையும் பேட் பிடித்துக்கொள்கிறது. விரல்கள் பக்கவாட்டில் நெருங்கி, அவற்றுக்கு இடையே ஓடும் நரம்பு நசுங்குகிறது.

போன அணியில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது. மூன்று இஞ்ச் கூர்முனை ஷூ. இரண்டாவது விரலுக்குக் கீழே வலி. ஜெல் பேட் ஒட்டினாள். கொஞ்ச நாளில் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே எரிச்சலும் மரத்துப்போவதும் தொடங்கின. "மேடம், ஷூவுக்குள்ள கூழாங்கல் கிடக்கிற மாதிரியே இருக்கு, கழற்றிப் பார்த்தா ஒண்ணுமில்ல" என்றாள். அதற்கு இன்னொரு பேடையும் மேலே ஒட்டியிருந்தாள். முன்பாதத்தை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக அமுக்கினேன், துள்ளிவிட்டாள். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம். நரம்பு தடித்திருக்கிறது, மார்ட்டன்ஸ் நியூரோமா என்றார்.

முதல் வேலையாக இரண்டு பேடையும் பிய்த்து எறிந்தோம். பிறகு முன்பக்கம் அகலமான, இரண்டு இஞ்ச் பிளாக் ஹீல்ஸ் வாங்க வைத்தேன். அதற்குப் பிறகுதான் பேட், அதுவும் வேறு பேட். 'மெட்டடார்சல் பேட்' என்று கேட்டால் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். நீர்த்துளி வடிவத்தில், நடுவில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் புடைத்திருக்கும். இதை வலிக்கும் இடத்துக்குக் கீழே வைக்கக் கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். பின்னாலிருந்து எலும்பைத் தூக்கிக் கொடுத்தால் முண்டின் மேல் விழும் எடை குறையும், எலும்புகளும் கொஞ்சம் விரிந்து நரம்புக்கு வழி விடும்.

சரியான இடம் கண்டுபிடிக்க லிப்ஸ்டிக் போதும். கட்டைவிரலால் தடவிப் பார்த்து, அதிகம் வலிக்கும் முண்டின் மேல் ஒரு பொட்டு வையுங்கள். வெறுங்காலோடு ஷூவைப் போட்டு எழுந்து நின்று, நாலடி நடங்கள். உட்கார்ந்தபடியே அடையாளம் எடுத்தால் தப்பாகிவிடும், ஏனென்றால் ஹீல்ஸில் நிற்கும்போது கால் முன்னால் வழுக்கும். கழற்றினால் உள்ளே சிவப்புப் பொட்டு இருக்கும். பேடின் அகன்ற பக்கம் விரல்களை நோக்கி இருக்க, அதன் முன் விளிம்பு பொட்டுக்கு அரை சென்டிமீட்டராவது பின்னால் வர வேண்டும். முதலில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். பழைய இடத்தில் வலி கூடினால் பேட் முன்னால் போய்விட்டது. உள்ளங்கால் வளைவில் குத்தினால் அதிகம் பின்னால் போய்விட்டது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குச் சில வாரங்களில் வலி குறைந்தது. மரத்துப்போவது மட்டும் அடங்க வெகுநாள் பிடித்தது. முதல் பேடை ஒட்டாமல் ஷூவை மாற்றியிருந்தால் நரம்பு வரைக்கும் போயிருக்காது என்பதுதான் என் கோபம். ஜெல் பேட் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும் ஷூவில், கால் முன்னால் வழுக்காமல் இருக்க மெல்லிய ஜெல் உதவும். இறுக்கமான ஷூவில் வேண்டவே வேண்டாம்.

வழுக்குகிறது என்று ஒரு சைஸ் குறைப்பது

குறைக்காதீர்கள், மேற்பாதத்தில் ஸ்ட்ராப் உள்ளதை வாங்குங்கள்.

ஷூவின் நடுப்பகுதியைப் பார்க்காமல் வாங்குவது

உள்ளங்கால் வளைவில் வலி என்று வருபவர்களிடம் முதலில் ஷூவைத்தான் கேட்டு வாங்குவேன். நல்ல ஹீல்ஸில் வளைவுக்குக் கீழே ஒரு எஃகுப் பட்டை இருக்கும். மலிவானவற்றில் அட்டைதான். முன்னும் பின்னும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் வளைந்தால், அந்த இடத்தைத் தாங்கும் வேலை முழுவதும் உங்கள் கால் தசைகளுக்குத்தான்.

ஷிஃப்ட் முடிந்ததும் நேராகத் தட்டைச் செருப்பு

ஹீல்ஸைக் கழற்றிவிட்டுத் தகடு போன்ற ரப்பர் செருப்பில் பஸ் ஸ்டாப் வரை நடப்பது ஓய்வு என்று நினைக்கிறோம். தினமும் ஹீல்ஸ் போடுபவருக்குக் கெண்டைக்கால் தசை நீளம் குறைந்து, குதிநாண் விறைத்துப் போயிருக்கும். 5 செ.மீ. அல்லது அதைவிட உயரமான ஹீல்ஸைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட தினமும் போட்ட பெண்களிடம் இதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்தே காட்டினார்கள். அந்தத் தசை திடீரென்று முழுதாக நீள வேண்டி வரும்போது, குதிகாலிலிருந்து விரலடி வரை உள்ளங்காலில் ஓடும் பட்டையும் இழுபடுகிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது முதல் அடியிலேயே சுரீரென்று வலித்தால், இந்தப் பட்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது குதிகால் ஓர் இஞ்ச் அளவு உயர்ந்த, உள்ளே வளைவு உள்ள ஷூ போடுங்கள். அதிலிருந்து சில வாரங்களில் மெல்ல இறங்கலாம். தினமும் சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. காலையில் தரையில் கால் வைக்கும் முன்பே, கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலை மறு முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் மேலே இழுத்து 10 விநாடி பிடியுங்கள், 10 முறை. உள்ளங்காலில் அந்தப் பட்டை கயிறாக விறைப்பது கட்டைவிரலுக்குத் தட்டுப்பட்டால் சரியாகச் செய்கிறீர்கள்.

வலி மாத்திரை போட்டு ஷிஃப்டை ஓட்டுவது

செய்யாதீர்கள். மேற்பாதத்தில் ஒரே ஒரு புள்ளியில் தொட்டாலே வலித்து வீக்கமும் இருந்தால், எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். அன்றே ஹீல்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மேலே சொன்ன பேட் வேலை எதையும் வீட்டில் தாங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. புண் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.