ஆணியடித்துச் சேர்த்த பலகை உத்திரம்: எத்தனை மி.மீ.க்கு ஒரு ஆணி?

இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரு முனைகளிலும் கட்டை கொடுத்து, நடுவில் அழுத்திப் பாருங்கள். இரண்டும் வளையும். கூடவே முனைகளைக் கவனித்தால், சமமாக இருந்த ஓரங்கள் படிக்கட்டு போல விலகியிருக்கும். மேல்பலகையின் அடிப்பக்கம் நீள்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கீழ்ப்பலகையின் மேற்பக்கம் சுருங்குகிறது. அதனால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகிறது. நடுவில் வழுக்கல் இல்லை, முனைகளில்தான் அதிகம்.

ஆணியின் வேலை இந்த வழுக்கலைத் தடுப்பது. பலகைகள் பிரிந்து விழாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஆணி என்று பலர் நினைத்து, கண்ணளவில் ஒரு சாண் விட்டு ஒரு சாண் அடித்துவிடுகிறார்கள். எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஒரே ஒரு உத்திரத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

நம் உத்திரம்

இரண்டு பலகைகள், இரண்டுமே 200 × 50 மி.மீ. ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துகிறோம். மற்றொன்றை அதன் தலையில் படுக்கவைத்து, மேலிருந்து ஒரே வரிசையாக ஆணி அடிக்கிறோம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து T போல இருக்கும். நீளம் 4 மீட்டர், இரு முனைகளிலும் தாங்கல். உத்திரத்தின் சொந்த எடையும் சேர்த்து, மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் சுமை நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது.

ஆணி 4 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம். மேல்பலகையைக் கடந்து நிற்கும் பலகைக்குள் 50 மி.மீ. இறங்கும். ஒரு ஆணி பக்கவாட்டில் பாதுகாப்பாகத் தாங்கும் விசை F = 600 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் மரத்தின் அடர்த்தி, ஆணியின் தடிமன், இறங்கும் ஆழம், ஈரப்பதம் எல்லாவற்றையும் பொறுத்தது. உங்கள் வேலைக்கு உரிய விதிநூல் அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

படி 1: நடுநிலை அச்சு எங்கே?

உத்திரம் வளையும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் மட்டம்தான் நடுநிலை அச்சு. இரண்டு பலகைகளின் பரப்பும் ஒன்றே: 10,000 ச.மி.மீ. நிற்கும் பலகையின் மையம் அடியிலிருந்து 100 மி.மீ., படுத்த பலகையின் மையம் 225 மி.மீ. பரப்பு சமம் என்பதால் சராசரி எடுத்தாலே போதும். நடுநிலை அச்சு அடியிலிருந்து 162.5 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பலகையின் மையமும் அதிலிருந்து 62.5 மி.மீ. தள்ளி இருக்கிறது.

படி 2: முழு வெட்டுமுகத்தின் I

வெட்டுமுகத்தின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண் I.

```
I = 50×200³/12 + 10000×62.5²
  + 200×50³/12 + 10000×62.5²
  = 113.5 × 10⁶ mm⁴
```

ஒரு நிமிடம் இங்கே நில்லுங்கள். ஆணியே இல்லாமல் பலகைகள் தனித்தனியாக வளைந்தால், 10000×62.5² என்ற இடமாற்ற உறுப்புகள் இரண்டும் காணாமல் போய், மிச்சம் 35.4 × 10⁶ மட்டுமே. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆணி நமக்கு வாங்கித் தருவது இந்த வித்தியாசத்தைத்தான்.

படி 3: Q, எந்தப் பலகைக்கு?

ஆரம்பத்தில் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். Q என்பது ஒரு பகுதியின் பரப்பை, நடுநிலை அச்சிலிருந்து அதன் மையம் இருக்கும் தூரத்தால் பெருக்கியது. எந்தப் பகுதி? நான் வைத்திருக்கும் கேள்வி இது: ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டால் எந்தத் துண்டு கழன்று வரும்? அந்தத் துண்டுக்கு மட்டும் Q.

இங்கே கழன்று வருவது படுத்த பலகை.

```
Q = 10000 × 62.5 = 625000 mm³
```

நிற்கும் பலகைக்குப் போட்டாலும் இதே விடை வர வேண்டும், வருகிறது. வரவில்லை என்றால் நடுநிலை அச்சைத் தவறாகக் கண்டிருக்கிறீர்கள் என்று பொருள். நடுநிலை அச்சுக்கு மேலே இருப்பதையெல்லாம் சேர்த்து Q எடுப்பது அடிக்கடி பார்க்கும் பிழை. அது மரத்துக்குள் வரும் உச்ச வெட்டுத் தகைவுக்கான Q, ஆணிக்கானது அல்ல.

படி 4: ஷியர் ஃப்ளோ

ஷியர் ஃப்ளோ, அதாவது வெட்டுப் பாய்வு, என்றால் இணைப்பின் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்திலும் கடக்க வேண்டிய விசை. சூத்திரம் சின்னது:

```
q = V Q / I
```

இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயன்படுத்துவது எளிது. வளைவினால் மேல்பலகை முழுக்க அமுக்கத்தில் இருக்கிறது. எந்த இடத்திலும் அந்த அமுக்க விசையின் அளவு M Q / I; இதில் M அந்த இடத்து வளைவுத் திருப்புத்திறன். முனையில் M பூஜ்யம், எனவே பலகையில் விசை இல்லை. நடுவில் M உச்சம், அங்கே விசையும் உச்சம். முனையில் இல்லாத விசை நடுவுக்குள் எப்படி வந்து சேர்ந்தது? வழியில் ஒவ்வொரு ஆணியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டதுதான். M மாறும் வேகம் V, அதாவது வெட்டு விசை. ஆகவே அமுக்கம் சேரும் வேகம் V Q / I.

1840களில் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில்பாதையின் மரப்பாலங்களில் வேலை செய்த ருஷ்யப் பொறியாளர் திமித்ரி ஜுராவ்ஸ்கியை இந்தச் சிந்தனைக்குக் கொண்டுவந்தது மரம்தான். இழை நெடுக மரத்தின் வெட்டு வலிமை குறைவு, அதனால் உத்திரம் படுக்கைவாட்டில் பிளக்கும்.

சரி, நம் எண்கள். தாங்கலில் V = 2000 நியூட்டன்.

```
q = 2000 × 625000 / 113.5×10⁶ = 11.0 N/mm
```

படி 5: இடைவெளி

```
s = F / q = 600 / 11.0 = 54 mm
```

தாங்கல் அருகே 50 மி.மீ.க்கு ஒரு ஆணி. தாங்கலிலிருந்து 1 மீட்டர் உள்ளே V பாதியாகிறது, எனவே q 5.5 ஆகி, இடைவெளி 109 மி.மீ. வரை போகலாம். ஆக முதல் மீட்டருக்கு 50 மி.மீ., அடுத்த மீட்டருக்கு 100 மி.மீ. நடுவில் V பூஜ்யம் என்பதால் சூத்திரம் ஆணியே வேண்டாம் என்று சொல்லும்; அதைக் கேட்காதீர்கள். பலகை உலரும்போது வளைந்து எழும்பும், சுமையும் எப்போதும் சமமாகப் பரவியிருக்காது. உதாரணமாக, சுமை முழுவதும் நகரக்கூடியது, அது ஒரு முனையின் முதல் மீட்டரை மட்டும் விட்டு மற்ற 3 மீட்டரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 1 மீட்டர் புள்ளியில் V 1125 நியூட்டன் ஆகிறது, இடைவெளி 97 மி.மீ.க்கு இறங்குகிறது. அதனால் அப்படிப்பட்ட சுமைக்கு நெருக்கமான பகுதியை 1.2 மீட்டர் வரை நீட்டுவேன்.

படி 6: விடையைச் சோதிப்பது

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகப் பிடித்தது. நடுவில் M = 2 கிலோநியூட்டன் மீட்டர். அங்கே மேல்பலகையில் இருக்கும் அமுக்கம்:

```
M Q / I = 2×10⁶ × 625000 / 113.5×10⁶ ≈ 11000 N
```

முனைக்கும் நடுவுக்கும் இடையே உள்ள ஆணிகள் எல்லாம் சேர்ந்து இந்த 11,000 நியூட்டனைத் தள்ள வேண்டும். 600ஆல் வகுத்தால் 18.3, அதாவது ஒரு பாதிக்குக் குறைந்தது 19 ஆணிகள். நம் திட்டத்தில் முனையிலிருந்து 60 மி.மீ. விட்டு ஆரம்பித்தால் முதல் மீட்டரில் 19, இரண்டாவதில் 10, மொத்தம் 29 வருகிறது. போதும்.

சரி, 19 போதும் என்றால் 19ஐச் சம இடைவெளியில் அடித்துவிடலாமா? கூடாது. அப்போது இடைவெளி சுமார் 105 மி.மீ.; முனை ஆணியின் பங்கு 105 × 11, அதாவது ஏறக்குறைய 1150 நியூட்டன். தாங்கும் அளவைப் போல இரு மடங்கு. மொத்த அமுக்கத்தில் நான்கில் மூன்று பங்கு முதல் மீட்டரிலேயே சேர்ந்துவிடுகிறது, அதனால் ஆணிகளும் அங்கேதான் நெருங்கி இருக்க வேண்டும். ஆணி வளைந்துகொடுத்துப் பக்கத்து ஆணிக்குச் சுமையைத் தள்ளிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வளைதல் என்பதே நாம் தடுக்க நினைத்த வழுக்கல்.

மரம் ஒத்துக்கொள்கிறதா?

கணக்கில் 50 மி.மீ. வந்தாலும், மரம் பிளக்காமல் அவ்வளவு நெருக்கமாக அடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முன்துளை இல்லாமல் மென்மரத்தில் 4 மி.மீ. ஆணி அடிக்கும்போது, இழைத் திசையில் ஆணிக்கு ஆணி விட்டத்தைப் போல 10 மடங்கு, அதாவது 40 மி.மீ. விடுவது யூரோகோடு 5 போன்ற விதிநூல்களில் உள்ள வழக்கம். பலகை முனையிலிருந்து 15 மடங்கு, 60 மி.மீ. நம்முடையது இதற்குள் அடங்குகிறது. சுமை இரு மடங்கானால் 27 மி.மீ. இடைவெளி வரும், அது நடக்காது. இரண்டு வரிசை போடலாம் என்றால், நிற்கும் பலகையின் தலை 50 மி.மீ. அகலம்தான், இரு ஓரத்திலும் 20, வரிசைகளுக்கு நடுவே 20 என்று 60 மி.மீ. கேட்கும். அப்போது வழிகள் மூன்று: முன்துளை போடுவது, தடித்த திருகாணிக்கு மாறுவது, அல்லது நிற்கும் பலகையைத் தடிமனாக்குவது.

பெட்டி போன்ற உத்திரத்தில் மேல்பலகையை இரண்டு நிற்கும் பலகைகள் தாங்கும். ஆணி வரிசையும் இரண்டு. அதே q இரண்டு வரிசைகளுக்கும் பகிரப்படுவதால் s = 2F / q. ஒரே துண்டைப் பிடித்திருக்கும் வரிசைகளை எண்ணினால் போதும்.

கணக்கு சொல்லாதது

q = V Q / I பலகைகள் ஒட்டவே வழுக்காது என்று எடுத்துக்கொள்கிறது. பசை போட்டால் அது ஏறக்குறைய உண்மை. ஆணியில் கொஞ்சம் வழுக்கல் எப்போதும் இருக்கும், அதனால் உத்திரம் கணக்கைவிட அதிகமாகத் தொய்யும். நம் உத்திரத்துக்கு மரத்தின் மீள்குணகம் 10,000 N/mm² என்று எடுத்தால், வழுக்கலே இல்லாதபோது தொய்வு 2.9 மி.மீ., ஆணியே இல்லாவிட்டால் 9.4 மி.மீ. உங்கள் உத்திரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஆணி வளைந்துகொடுப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் முறை யூரோகோடு 5இன் பி இணைப்பில் இருக்கிறது. தொய்வு முக்கியமான இடத்தில் அதைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும், சுமை ஏற்றுமுன், உத்திரத்தின் பக்கவாட்டில் இணைப்பைக் கடந்து பென்சிலால் செங்குத்துக் கோடுகள் போடுங்கள்: இரு முனைகளிலும் ஒன்று, நடுவில் ஒன்று. சில வாரம் கழித்துப் பாருங்கள். நடுக்கோடு நேராகவே இருக்கும். முனைக்கோடுகள் இணைப்பில் உடைந்து, மேல்பாதி வெளிப்பக்கம் தள்ளி நின்றால், அந்த உடைவின் அளவுதான் வழுக்கல். அது நின்றுவிட்டால் ஆணிகள் உட்கார்ந்துகொண்டன என்று அர்த்தம். மாதாமாதம் வளர்ந்துகொண்டே போனால் சுமையை இறக்கி, முனையிலிருந்து முதல் ஒரு மீட்டருக்குள், ஆணிகளுக்கு இடையே முன்துளை போட்டுத் திருகாணிகள் சேர்க்க வேண்டும். நடுவில் சேர்ப்பதால் பயனில்லை.