இரண்டாவது சில்லரை எப்போது ஓட்டுவது?

காரைக்குடியில் எங்கள் வளாகத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் 300 டன் சில்லர் இரண்டு. இரண்டுமே வேகம் மாறும் விஎஃப்டி வகை. லோடு 280 டன் என்றால் ஒன்றே போதும் என்றுதான் தோன்றும். ஆனால் கணக்கு வேறு.

மார்கழிக் காலையில் கூலிங் டவர் தண்ணீர் 24 டிகிரி. ஒன்று மட்டும் ஓடினால் டன்னுக்கு 0.55 வீதம் 154 கிலோவாட். இரண்டும் பாதி லோடில் ஓடினால் டன்னுக்கு 0.40 தான், 112. கூடுதல் பம்புகளுக்கு 30 சேர்த்தாலும் 142.

சித்திரை மதியம் தண்ணீர் 31 டிகிரி. இப்போது ஒன்றுக்கு 179. இரண்டுக்குப் பம்போடு 187. அப்போது ஒன்றையே ஓட்டுங்கள்.

ஆகவே லோடுக்கு ஏற்ற மின்செலவைக் காட்டும் சில்லரின் வளைவு வரைபடத்தை அன்றைய தண்ணீர் வெப்பநிலைக்குப் பாருங்கள், பம்பை மறக்காதீர்கள். வேகம் மாறாத பழைய ஸ்குரூ சில்லரென்றால் பாதி லோடில் திறன் பெரும்பாலும் குறையும். லோடைப் பிரிக்க வேண்டாம்.