ஒருநாள் நெருக்கம், மறுநாள் மௌனம்: அந்த இடைவெளியில் நாம் செய்யும் தவறுகள்

புதிதாகப் பழகத் தொடங்கிய ஒருவர் ஞாயிறு இரவு பன்னிரண்டு மணி தாண்டியும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். சிறுவயதுக் கதைகளைச் சொல்கிறார், உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். செவ்வாயன்று நீங்கள் எழுதிய நாலு வரிக்கு "ம்" என்று மட்டும் பதில் வருகிறது. புதனன்று அதுவும் இல்லை. பெரும்பாலான தவறுகள் இந்தப் புதன்கிழமையில்தான் நடக்கின்றன.

என் தோழி ஒருத்திக்கு இது அப்படியே நடந்தது. அந்தப் புதனன்று அவள் நாலு மெசேஜ் அனுப்பினாள். "என்ன ஆச்சு?" "பிஸியா?" "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" கடைசியாக, "சரி, தொந்தரவு பண்ணல." அன்று மாலை போக வேண்டிய நடன வகுப்புக்கும் போகாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வியாழன் காலையில் எதுவுமே நடக்காதது போல அவரிடமிருந்து ஒரு படமும் சிரிப்பும் வந்தன. அவளுக்கு வந்த நிம்மதியில், கேட்க நினைத்த கேள்வியே மறந்துபோயிற்று.

அந்த நிம்மதியைத்தான் கவனிக்க வேண்டும். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் விட்டு விட்டுக் கிடைத்துப் பழகிய புறாவோ, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். புதன்கிழமை உங்களை இழுக்கும் அந்தத் தவிப்பிலும் இது கலந்திருக்கிறது. தவிப்பு பெரிதாக இருப்பதாலேயே காதல் ஆழமானது என்று முடிவுகட்டிவிடுவது பெரிய தவறு. எதிரில் இருப்பவர் இதையெல்லாம் திட்டமிட்டுச் செய்கிறார் என்றும் பொருளில்லை. பெரும்பாலும் அவருக்கே இது தெரியாது.

அடுத்த தவறு, ஞாயிற்றுக்கிழமை பார்த்தவர்தான் உண்மையானவர், புதன்கிழமைக்காரர் ஏதோ விபத்து என்று நினைப்பது. இருவரும் ஒரே ஆள்தான். ஒரு நாளை வைத்து எடைபோடாமல் மூன்று நான்கு வாரத்தை வைத்துப் பாருங்கள். நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும்: பேச்சை யார் தொடங்கினார்கள், போட்ட திட்டம் நடந்ததா, விலகும் முன் ஒரு வார்த்தை சொன்னாரா.

தோழி அப்படி நாலு வாரம் எழுதினாள். அவர் மூன்று முறை காணாமல் போயிருந்தார். மூன்றுமே மனம்விட்டுப் பேசிய இரவுக்கு அடுத்த ஓரிரு நாளில். சந்திக்கலாம் என்று வைத்த மூன்று நாள்களில் இரண்டு, அன்றைக்கே ரத்தாயின. வேறு நாளை அவராகச் சொல்லவில்லை. இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெருக்கம் கூடியதும் பயந்து பின்வாங்குகிறவர்கள் உண்டு. வேகத்தைக் குறைத்தால் அவர்களில் சிலர் நிலைப்படுவார்கள். ஆனால் உண்மையிலேயே வேலையில் மாட்டிக்கொண்டவர், "இன்னிக்கு முடியாது, சனிக்கிழமை பார்க்கலாமா?" என்று தாமாகவே கேட்பார். மாற்று நாள் வராமலே திட்டங்கள் உடைந்துகொண்டிருந்தால், ஆர்வம் மேலோட்டமானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழிக்குப் பழியாக மணிக்கணக்குப் பார்த்துப் பதிலைத் தள்ளிப்போடுவதும், அவர் கண்ணில் படட்டும் என்று ஸ்டேட்டஸ் வைப்பதும் வீண் வேலை. நாள் முழுக்க அவரைப் பற்றியே யோசிக்க வைக்கும், அவ்வளவுதான்.

கேட்கவே கூடாதா? கேட்க வேண்டும். ஆனால் மௌனமான நாளில், மெசேஜில் கேட்பதுதான் தவறு. இருவரும் இயல்பாக இருக்கும் நாளில் நேரிலோ போனிலோ ஒரே ஒரு முறை கேளுங்கள். அவருடைய குணத்தைப் பற்றிப் பேசாமல் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். தோழி சொன்னது இது: "நாம நல்லா பேசின அடுத்த ரெண்டு மூணு நாள் உங்ககிட்ட இருந்து சத்தமே இருக்கறதில்ல. எனக்குக் குழப்பமா இருக்கு. தனியா இருக்கணும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

இப்படிக் கேட்டால் பலரும் வருத்தம் தெரிவிப்பார்கள், பதிலும் இனிமையாகவே இருக்கும். அதை நம்பி உடனே குறிப்பெடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த மூன்று வாரம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கேட்டதற்காகவே அவர் கோபித்துக்கொண்டு, கடைசியில் உங்களையே மன்னிப்புக் கேட்க வைத்தால், அதற்குமேல் காத்திருக்கத் தேவையில்லை.

தோழியிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த முறை, "ரெண்டு நாள் அமைதியா இருக்கணும்" என்று முன்கூட்டியே சொல்லவும் செய்தார். அதற்கடுத்த முறை மறுபடி சொல்லாமல் மறைந்தார். அந்தப் புதனன்று அவள் மெசேஜ் எதுவும் அனுப்பவில்லை, வகுப்புக்குப் போனாள். வெள்ளியன்று அவர் கூப்பிட்டபோது, இது தனக்கு ஒத்துவராது என்று பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.