மேஸ்திரியின் துண்டுச்சீட்டிலிருந்து வார அட்டவணை

மாடியில் ஓர் அறை கட்டும் வேலைக்கு மேஸ்திரி எழுதித் தந்த பட்டியல் இவ்வளவுதான்: சுவர், கூரை, கரண்ட் வேலை, பூச்சு. இதை அப்படியே கட்டங்களில் நிரப்பினால் அட்டவணை பொய் சொல்லும். ஏனென்றால் ‘கரண்ட் வேலை’ ஒரே வேலை அல்ல. கூரைக்குள் போகும் பைப்பைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். சுவர் பைப்பை உள்பூச்சுக்கு முன் பதிக்க வேண்டும். ஆகவே முதலில் ஒவ்வொரு வரியையும் எடுத்து, ‘இது எதற்குப் பிறகு வரும்?’ என்று கேளுங்கள். இரண்டு பதில் கிடைத்தால் அது இரண்டு வரி.

பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு: காத்திருப்பு. கூரை போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, இரண்டு வாரம் கழித்தே சென்ட்ரிங்கைப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். அதுவரை அறை முழுக்க முட்டுக்கம்புகள் நிற்கும். உள்ளே பூச முடியாது. ஆள் வேலை குறைவுதான், ஆனாலும் அதற்குத் தனி வரி கொடுங்கள்.

இனி எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸைத் திறந்து, A பத்தியில் வேலை, B-யில் தொடக்க வாரம், C-யில் எத்தனை வாரம் என்று எழுதுங்கள். D1 முதல் வலப்பக்கமாக 1, 2, 3 என வார எண்கள். D2-வில் இதை இட்டு, வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிடுங்கள்:

```
=IF(AND(D$1>=$B2,D$1<$B2+$C2),"■","")
```

| வேலை | தொடக்கம் | வாரம் | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 |
|---|---|---|---|---|---|---|---|---|---|
| சுவர் | 1 | 2 | ■ | ■ | | | | | |
| கம்பி, கூரைப் பைப், கான்கிரீட் | 3 | 1 | | | ■ | | | | |
| தண்ணீர் தேக்குதல் | 4 | 2 | | | | ■ | ■ | | |
| வெளிப்பூச்சு | 4 | 1 | | | | ■ | | | |
| சென்ட்ரிங் பிரிப்பு, சுவர் பைப் | 6 | 1 | | | | | | ■ | |
| உள்பூச்சு | 7 | 1 | | | | | | | ■ |

கட்டங்கள் எல்லாம் காலியாகவே இருந்தால், முதல் வரிசையில் 1 என்பதற்குப் பதிலாக ‘வாரம் 1’ என்று எழுதியிருப்பீர்கள். எழுத்து கலந்தால் அது எண்ணாகக் கணக்கில் வராது. ஒவ்வொரு வேலையும் ஒரு வாரம் நீண்டு தெரிந்தால், சூத்திரத்தில் `<` இருக்க வேண்டிய இடத்தில் `<=` விழுந்திருக்கிறது.

B பத்தியில் முதல் எண்ணை மட்டும் கையால் எழுதுங்கள். B3-இல் `=B2+C2`, B4-இல் `=B3+C3` என முந்தைய வேலையின் முடிவோடு கோத்துவிடுங்கள். வெளிப்பூச்சுக்கு மட்டும் `=B4`. தண்ணீர் தேங்கி நிற்கும்போதே சாரம் கட்டி வெளியே பூசலாம் என்பதால் அது கூடவே தொடங்குகிறது. சென்ட்ரிங் பிரிப்பு அதைப் பார்த்து நிற்பதில்லை; அதற்கு `=B4+C4`, உள்பூச்சுக்கு `=B6+C6`.

மழையில் சுவர் வேலை ஒரு வாரம் நின்றுபோனால் C2-வை 3 ஆக்குங்கள். கீழே உள்ள கட்டங்கள் அத்தனையும் ஒரு வாரம் வலப்பக்கம் நகரும். உள்பூச்சு 8-வது வாரத்துக்குப் போய்விடும். கொத்தனாருக்கு அன்றே சொல்லிவிடலாம்.