ஒரே கம்பெனியை நம்பி ஓடும் லோரிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறையில் ஆறு லோரி வைத்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றுக்குச் சரக்கு ஏற்றும் சிறு நிறுவனம் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மாத வரவு 100,000 ரிங்கிட். அதில் 60,000 அந்த ஒரு தொழிற்சாலையிடமிருந்து வருகிறது. டீசல், டோல் போன்ற ஓட்டச் செலவு வரவில் 40 சதவீதம். லோரித் தவணை, சம்பளம், வாடகை என்று வண்டி ஓடினாலும் நின்றாலும் கட்ட வேண்டியது 52,000. மிச்சம் 8,000.

"வரவில் 60 சதவீதம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது முதல் தவறு. அந்த எண்ணை வைத்து எதையும் முடிவெடுக்க முடியாது. தொழிற்சாலை போய்விட்டால் மற்றவர்களின் 40,000-இல் ஓட்டச் செலவு போக 24,000தான் நிற்கும். மாதம் 28,000 துண்டு விழும். ஈடான வேலை பிடிக்க நான்கு மாதம் ஆகுமென்றால் தேவைப்படும் கையிருப்பு 112,000.

இதைவிட மோசமானது, வங்கிக் கணக்கைப் பார்த்து நிம்மதியாக இருப்பது. எல்லாருக்கும் 60 நாள் கடன் என்றால், தொழிற்சாலை விலகிய பிறகும் இரண்டு மாதத்துக்குப் பழைய பில்களின் பணம் மாதம் 100,000 வந்துகொண்டிருக்கும். செலவோ 68,000 ஆகக் குறைந்திருக்கும். மாதம் 32,000 மிஞ்சும், அதாவது வழக்கத்தைவிட நான்கு மடங்கு! "சமாளித்துவிடலாம்" என்று லோரியை விற்காமல், ஆளைக் குறைக்காமல் இருந்துவிடுவார்கள். மூன்றாம் மாதத்தில்தான் பள்ளம் தெரியும். அந்த 64,000 லாபமல்ல, முன்பு ஓடிய ஓட்டத்தின் பாக்கி. கடைசி ட்ரிப் ஓடிய நாளிலிருந்தே அதைத் தொடாமல் தனியாக வைக்க வேண்டும்.

தொழிற்சாலை 30 நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்திடுவதும் பலர் செய்வது. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்த ஓட்டுநரை ஆட்குறைப்பில் நிறுத்த, வேலைச் சட்டப்படி எட்டு வார முன்னறிவிப்பு தர வேண்டும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவருக்கு, வேலை செய்த ஆண்டு ஒன்றுக்கு 20 நாள் சம்பளமும் உண்டு. ஆறு ஆண்டு என்றால் 120 நாள். ஆகவே விலையில் பேரம் பேசுவதற்கு முன்னால் 90 நாள் முன்னறிவிப்பைக் கேளுங்கள். கிடைக்கவில்லையா, அந்த வேலைக்கென்றே புது லோரிக்குத் தவணை போடாதீர்கள். கூடுதல் ட்ரிப்புக்கு வெளி வண்டியை வாடகைக்கு எடுங்கள்.

இரண்டாவது வாடிக்கையாளரைப் பிடித்ததும் ஆபத்து பாதியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பினாங்கில் அவர் அதே தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுப்பவராக இருக்கக்கூடும். அங்கே ஆர்டர் குறைந்தால் இருவருமே ஒன்றாகக் குறைப்பார்கள். அவருடைய சரக்கு கடைசியில் யாரிடம் போகிறது என்று டெலிவரி ஆர்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உணவுப்பொருள், மருந்துப் பொருள் ஏற்றும் வேலை சின்னதாக இருந்தாலும் இங்கே அதற்குத்தான் மதிப்பு.